தம்பிக்கு இன்னும் அனுப்பாத கடிதம்

கேள்வி: எனக்கு 76 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். தம்பிக்கு 71, திருச்சியில் இருக்கிறான். நாங்கள் இரண்டே பேர்தான். அப்பா சொந்த சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. 2000-இல் உயில் எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். மறுவருடம் தம்பி தன் பங்குக்கு எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். வாய்ப்பேச்சு மூன்று லட்சம். செலவு குறையட்டும் என்று பத்திரத்தில் ஒரு லட்சம் என்று போட்டோம். அந்த ஒரு லட்சத்தைத்தான் கொடுத்தேன். மீதியை அவன் கேட்டபோது, உறவுக்காரர்கள் 11 பேர் முன்னால், 'பேசியதே ஒரு லட்சம்தான்' என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினேன். 'சரி, நான்தான் பொய் சொல்றேன்னு வச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அது 2002. 2009-இல் அம்மா இறந்தபோது சுடுகாட்டுக்கு வந்தான், வீட்டுக்குள் வரவில்லை. அதன் பிறகு பேச்சே இல்லை.

பட்டா என் பேரில். அம்மாவிடம் யாரும் எந்தக் கையெழுத்தும் வாங்கவில்லை. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டு மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். 'எழுத்தில் கொடுத்தால் சித்தப்பா கேஸ் போடுவார், வீட்டை விற்க என் சம்மதம் இல்லாமல் நீங்கள் எதுவும் செய்ய முடியாது' என்கிறான் மகன். கடிதத்தை விட்டுவிட்டு, உயிலில் பாதி வீட்டைத் தம்பிக்கு எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா?

பதில்: ஐயா, உங்கள் மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். என் தொழிலில் இப்படிப்பட்ட கடிதங்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பு ஆவணமாகத்தான் என் மேஜைக்கு வரும், ஓரத்தில் எண் போட்டு, வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு இழுத்து. தபாலில் சேர்ப்பதற்கு முன்பே ஒன்றைப் படிக்கக் கிடைத்தது இதுதான் முதல் தடவை. அதனால் உங்கள் மகனின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

'கொடுக்கவில்லை' என்பதும் 'கொடுக்கிறேன்' என்பதும்

நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பும் கடிதத்தை உங்களுடைய ஒப்புதல் என்று நீதிமன்றத்தில் காட்ட முடியும். அது சரி. ஆனால் அதைக் காட்டி உங்கள் தம்பி என்ன கேட்க முடியும் என்று மகன் யோசித்ததாகத் தெரியவில்லை. மீதிப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட அவருக்கு இருந்த காலம் மூன்று ஆண்டு. மோசடி என்று சொல்லிப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கவும் மூன்று ஆண்டுதான், அதுவும் ஏமாற்றம் தெரிந்த நாளிலிருந்து. அவருக்குத் தெரிந்தது 2002-இல், நீங்கள் சூடம் அணைத்த அன்று. இரண்டு கதவும் எப்போதோ சாத்தியாகிவிட்டது. கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் கெடு புதிதாகத் தொடங்கும். முடிந்த பிறகு வெறுமனே ஒப்புக்கொண்டால் செத்த கெடு பிழைக்காது.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அது வினைச்சொல்லில் இருக்கிறது. 'உனக்கு இரண்டு லட்சம் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுக்கவில்லை' என்று எழுதினால் நடந்ததைச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். 'அந்த இரண்டு லட்சத்தைக் கொடுத்துவிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது வாக்குறுதி. காலாவதியான கடனையும் தருவதாக எழுத்தில் வாக்குக் கொடுத்தால் அது செல்லுபடியாகும் ஒப்பந்தம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25. அந்த நாளிலிருந்து இன்னொரு மூன்று ஆண்டு கிடைக்கும். உங்கள் நகலின் இரண்டாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரியில் 'கொடுத்துவிடுகிறேன்' என்று இருக்கிறது. மகன் அந்த வரியைப் பார்த்துத்தான் பயந்திருப்பார்.

அந்த வரியை நானும் எடுக்கச் சொல்கிறேன், ஆனால் காரணம் வேறு. மன்னிப்பும் தொகையும் ஒரே மூச்சில் வந்தால், படிக்கிறவர் கண் முதலில் தொகையில்தான் நிற்கும். 'இருபத்து நாலு வருஷம் கழிச்சு அதே ரெண்டு லட்சமா?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் அதற்கு உங்களிடம் பதில் இல்லை. அந்தப் பணம் வங்கியில் 7 சதவீதக் கூட்டு வட்டியில் கிடந்திருந்தால் இன்றைக்குப் பத்து லட்சத்தைத் தொட்டிருக்கும். முதல் கடிதத்திலேயே கணக்குப் பேசத் தொடங்கினால் அதற்கு வரும் பதிலும் கணக்காகத்தான் இருக்கும். பணத்தைத் தயார் செய்து வையுங்கள், அது வேறு. வைத்திருக்கிறேன் என்று இப்போது சொல்ல வேண்டாம்.

மகனின் சம்மதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் சுயசம்பாத்தியம் வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கு வந்தால், அது உங்கள் கையில் உங்கள் தனிச்சொத்து. நீங்கள் இருக்கும்வரை அதில் மகனுக்குப் பிறப்புரிமை கிடையாது. அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், வீட்டில் நிம்மதி முக்கியம். அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நீங்கள் கவனிக்காத ஆறில் ஒரு பங்கு

நீங்களும் மகனும் இவ்வளவு பேசியும் ஒரு விஷயத்தை இருவருமே பார்க்கவில்லை. உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அம்மாவிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை என்று. எனக்கு அங்கேதான் பேனா நின்றது.

அப்பா உயில் எழுதாமல் இறந்த அன்றே அந்த வீடு மூன்று பேருக்குச் சேர்ந்துவிட்டது. அம்மா, நீங்கள், தம்பி, ஆளுக்கு மூன்றில் ஒன்று. 2001-இல் தம்பி எழுதிக் கொடுத்தது தன்னுடைய மூன்றில் ஒன்றை. அதோடு உங்களுக்கு மூன்றில் இரண்டு, அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. அம்மாவும் 2009-இல் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பங்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கும். ஆக, ஆறு பங்கு வீட்டில் இன்று ஐந்து உங்களுடையது, ஒன்று உங்கள் தம்பியுடையது.

'அவன்தான் எல்லாவற்றையும் விடுதலை செய்துவிட்டானே' என்பீர்கள். 2001-இல் அம்மா உயிரோடு இருந்தார். அம்மாவுக்குப் பின் ஒருவேளை வரப்போகிற பங்கு என்பது அன்றைக்கு ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே. அப்படிப்பட்ட எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்று சொத்துமாற்றச் சட்டம் சொல்கிறது. பட்டா உங்கள் பெயரில் இருப்பதும் உதவாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அது உரிமையை உண்டாக்காது, அழிக்கவும் அழிக்காது. 12 ஆண்டுக்கு மேல் அனுபவத்தில் இருக்கிறேனே என்றால், கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் குடியிருப்பதாலேயே மற்றவர் பங்கு போய்விடாது. 'உனக்கு இதில் ஒன்றுமில்லை' என்று அவருக்குத் தெரியும்படி மறுத்து, அதற்குப் பிறகு 12 ஆண்டு கடந்திருக்க வேண்டும். அம்மா போன பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லையே. விசித்திரம்தான், பேசாமல் இருந்ததால்தான் அந்தப் பங்கு பிழைத்துக் கிடக்கிறது.

(பத்திர நகலை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். அம்மா ஏதாவது எழுதிப் பதிந்திருக்கிறாரா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். 2000-இலிருந்து இன்றுவரை கேளுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால்தான் நான் சொன்ன கணக்கு நிற்கும்.)

இதனால் இரண்டு மாறுகிறது. நீங்கள் 'பாதி வீட்டைக் கொடுக்கிறேன்' என்று பெரிய மனதோடு எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பகுதி ஏற்கெனவே அவருடையது, அதைக் கொடுக்க உங்களால் ஆகாது, ஒப்புக்கொள்ளத்தான் முடியும். இரண்டாவது, இது உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. இதை மறைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால், 2002-இல் செய்ததையே இன்னொரு தடவை, கொஞ்சம் நாகரிகமாகச் செய்கிறீர்கள் என்று ஆகும். மகன் இதைப் படித்தால் என்மேல் கோபம் வரும். பரவாயில்லை.

உங்கள் மூன்று பக்கம்

கடிதத்துக்கு வருகிறேன். மூன்று பக்கத்தில் சூடம் என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. 'பத்திர விஷயத்தில் ஏற்பட்ட மனஸ்தாபம்' என்று எழுதியிருக்கிறீர்கள், 'அந்தக் காலத்துப் பிரச்சினை' என்று எழுதியிருக்கிறீர்கள். பண பாக்கிக்காகப் பிரிந்த அண்ணன் தம்பிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏதாவது ஒரு கல்யாணத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிவிடுவார்கள். உங்கள் தம்பி இரண்டு லட்சத்துக்காக 23 வருடம் வராமல் இருக்கவில்லை. 11 பேர் முன்னால் அவரைப் பொய்யன் ஆக்கினீர்கள். பஸ் ஏறும்போது அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் இன்றுவரை மறக்கவில்லை, எனக்கு அப்படியே எழுதுகிறீர்கள். தம்பிக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் அதைக் காணோம்.

அதனால் முதல் பத்தியிலேயே இது வரட்டும்: பேசியது மூன்று லட்சம். நான் கொடுத்தது ஒரு லட்சம். பேசியதே ஒரு லட்சம்தான் என்று எல்லோர் முன்னாலும் சூடம் அணைத்து நான் செய்தது பொய்ச் சத்தியம். நீ சொன்னதுதான் உண்மை. இந்த நான்கு வாக்கியத்துக்கு முன்னால் நலம் விசாரிப்புகூட வேண்டாம். சட்டப்படி இந்த நான்கும் 'கொடுக்கவில்லை' வகைதான், 'கொடுக்கிறேன்' வகை அல்ல.

உங்கள் நகலில் நான் அடித்த வரிகளையும் சொல்கிறேன்.

'தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்.' இது சாமியிடம் சொல்வது. தம்பியிடம் சொல்ல முடியாது, தெரிந்தே செய்தீர்கள்.

'அப்போது எனக்கு இருந்த கஷ்டம் உனக்குத் தெரியும்.' உண்மையாக இருக்கலாம், உங்கள் பெண்ணின் கல்யாணச் செலவு இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். என்றாவது அவரே 'ஏன் அப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டால் சொல்லுங்கள். கேட்காதபோது காரணம் சொன்னால் அது எதிர்வாதம் போலத்தான் காதில் விழும்.

'இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், நான் இன்னும் எத்தனை நாளோ.' இதைத் தாட்சண்யம் பார்க்காமல் எடுங்கள். மன்னிக்க மனமில்லாவிட்டால் சாகக் கிடக்கிற அண்ணனை உதறியவன் என்ற பெயரும் அவருக்குச் சேர்ந்துவிடும். ஒரு பழியைத் துடைக்கப் போய் இன்னொன்றைச் சுமத்தாதீர்கள்.

'நடந்ததை மறந்துவிடுவோம்.' இதைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

அப்புறம் தொடக்கம். பழைய வழக்கப்படி 'சிரஞ்சீவி தம்பிக்கு அநேக ஆசீர்வாதம்' என்று போட்டிருக்கிறீர்கள். பழகிய கை, தானாக எழுதிவிட்டது. ஆனாலும் ஆசீர்வாதம் மேலே இருந்து கீழே வருவது, இந்தக் கடிதத்துக்குப் பொருந்தாது. சிறு வயதில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அந்தப் பெயரை மட்டும் எழுதி, கமா போட்டுத் தொடங்குங்கள்.

அந்த 11 பேரில் யார் யார் இருக்கிறார்கள்? நீங்கள் எழுதியதிலிருந்து மூன்று பேர் என்று தெரிகிறது. அவர்களிடம் நேரில் போய் 'அன்றைக்கு நான் பொய் சொன்னேன்' என்று சொல்லிவிட்டு, பிறகு தம்பிக்கு எழுதுங்கள். 'பெரிய மாமாவிடமும் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வரி கடிதத்தில் இருக்கட்டும். மூன்று பக்கத்தைவிட இந்த ஒரு வரி அவரை அதிகம் தொடும் என்று நினைக்கிறேன். அவர்களைத் தூது மட்டும் போகச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, சொத்து பற்றி ஒரே பத்தி: 'அம்மாவின் பங்கில் பாதி உன்னுடையது என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது. அதை மறுக்கமாட்டேன். பண விஷயத்தையும் இதையும் நீ எப்போது பேச நினைக்கிறாயோ அப்போது பேசலாம், பேச வேண்டாம் என்றாலும் சரி.' இத்தோடு ஒரு பக்கத்தில் கடிதம் முடிந்துவிடும்.

உயிலும் பத்திரமும்

பேசாமல் உயில் எழுதி வைப்பது உங்களுக்குச் சுலபம், அவருக்கு அல்ல. அது வெளியே வரும்போது நீங்கள் இருக்கமாட்டீர்கள். கேள்விப்படாத பாதி வீட்டோடு உங்கள் மகன் எதிரில் அவர் நிற்க வேண்டும். மகன் உயிலைச் சந்தேகித்து எதிர்த்தால், 71 வயதுக்காரர் நீதிமன்றப் படியேறி நிரூபிக்க வேண்டும். இன்னொன்று, உயிலில் பெயர் உள்ளவர் உங்களுக்கு முன்பே காலமாகிவிட்டால், தம்பி என்ற உறவில் அது அவர் பிள்ளைகளுக்குத் தானாகப் போகாது. 'அவர் இல்லாவிட்டால் அவர் வாரிசுகளுக்கு' என்று தனியாக எழுதியிருக்க வேண்டும்.

அவர் பேசச் சம்மதித்தால் செய்ய வேண்டியது நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யும் ஆவணம். உங்கள் ஐந்து பங்கிலிருந்து எவ்வளவு விரும்புகிறீர்களோ அதைத் தான செட்டில்மெண்டாக எழுதலாம். இரண்டு சாட்சி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, நீங்கள் இருக்கும்போதே அவர் ஏற்றுக்கொள்வது, இந்த மூன்றும் வேண்டும். கடிதத்தில் 'பாதி வீடு உனக்கு' என்று எழுதினால் அது வெறும் வாசகம், வீடு கைமாறாது. முத்திரைத் தீர்வை எவ்வளவு என்பதைப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆவணத்தின் வகையைப் பொறுத்து மாறும். அவருடைய ஆறில் ஒன்றைப் பொறுத்தவரை, அதற்குப் பணம் கொடுத்து மறுபடி விடுதலைப் பத்திரம் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து, அவராகச் சொன்னாலொழிய, இன்னொரு கையெழுத்தை அவரிடம் கேட்காதீர்கள். அவரே சொன்னால், முழுத் தொகையும் வங்கி வழியாக அவர் கணக்கில் ஏறிய பிறகு பதிவுக்குப் போங்கள், பத்திரத்திலும் அதே தொகை இருக்கட்டும்.

உறவுக்காக எழுதிக் கொடுத்தது செல்லுமா என்ற கேள்வி புதிதல்ல. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1899-இல் பிவா எதிர் சிவராம் என்று ஒரு வழக்கு. நிலத்தில் பங்கு கேட்டு ஒருவர் தன் சகோதரர் மேல் வழக்குப் போட்டார். அந்தச் சகோதரர், இது பூர்வீகச் சொத்து இல்லை என்று பிரமாணம் செய்தார். வழக்கு தள்ளுபடி ஆனது. பிறகு அந்தச் சகோதரரே, சமாதானமாகப் போக விரும்பி, அதே நிலத்தில் பாதியைத் தருவதாகப் பத்திரம் எழுதிப் பதிந்துகொடுத்தார். அது இயல்பான அன்பினால் எழுதியது, ஆகவே செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. சட்டக் கல்லூரியில் இதை இரண்டு வரியில் படித்துவிட்டுப் போவோம். பிரமாணம் செய்த கையாலேயே அவர் எப்படி எழுதினார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றைக்குத்தான் எனக்கு அது தோன்றியது. அந்த ஆவணம் நின்றதற்கு இன்னொரு காரணம், அது பதிவு செய்யப்பட்டிருந்தது. தபாலில் போன காகிதமாக இருந்திருந்தால் தீர்ப்பு வேறாகியிருக்கும்.

ஆனால் அவர் பதில் போடாமலும் இருக்கலாம். கடிதம் கிடைத்ததா என்று போன் போட்டுக் கேட்காதீர்கள், அக்கம்பக்கத்தில் விசாரிக்காதீர்கள். ஆறு மாதம் பாருங்கள். அதன் பிறகும் மௌனம் என்றால், உங்கள் ஐந்து பங்கு பற்றி உயில் எழுதிப் பதியுங்கள். அம்மாவின் பங்கு வழியாக வீட்டில் தம்பிக்கு ஆறில் ஒன்று உண்டு என்பதையும் அதிலேயே ஒப்புக்கொண்டு எழுதுங்கள், மகனுக்கும் படித்துக் காட்டுங்கள். அந்த ஆறில் ஒன்றை உயிலில் யாருக்கும் எழுதிவிடாதீர்கள், அது உங்களுடையது இல்லை.

கடிதத்தை ஒப்புகைச் சீட்டு வைத்து அனுப்ப வேண்டாம். தபால்காரர் கையெழுத்துக் கேட்டு நின்றால் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் நினைப்பார், அதிலும் உங்கள் பெயர் இருந்தால் கேட்கவே வேண்டாம். சாதாரணக் கவர், சாதாரணத் தபால்தலை போதும். டைப் அடிக்காமல் கையால் எழுதுங்கள், உங்கள் கையெழுத்து அவருக்குத் தெரியும். அனுப்புநர் இடத்தில் பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதிவிடுங்கள். பிரிக்காமலே வைத்துவிட அவர் நினைத்தால், பார்த்ததும் வைத்துவிடட்டும்.